இந்த வேலைக்கு எவ்வளவு கேட்கலாம், எவ்வளவு தரலாம்?

ஒரு வேலைக்கான நியாயமான சம்பளம் ஒற்றை எண்ணாக இருப்பதில்லை. ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே அளவுள்ள நிறுவனங்களில், ஒரே வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொகையிலிருந்து எந்தத் தொகைவரை வாங்குகிறார்கள் என்ற வரம்பாகத்தான் அதைச் சொல்ல முடியும். நேர்காணலில் “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கும், புதிதாக ஆள் எடுக்கும் சிறு தொழிற்சாலை உரிமையாளருக்கும் தேவைப்படுவது இதே வரம்புதான். இருவரும் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஏதோ ஓர் இணையதளத்தில் கண்ணில் பட்ட சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். அல்லது பழைய சம்பளத்தோடு இருபது, முப்பது விழுக்காட்டைக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். முதல் வழியில் அந்த ஒரு தளத்தின் பிழை அப்படியே வந்து சேர்கிறது. இரண்டாவது வழி வேலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. முன்பு குறைவாக வாங்கியவர் இனியும் குறைவாகவே வாங்க அது வழிசெய்கிறது.

சம்பளத்தைப் பற்றி முழு உண்மையைச் சொல்லும் ஆதாரம் எங்கும் கிடையாது. ஆனால் ஒவ்வோர் ஆதாரமும் எந்தப் பக்கமாகச் சாய்கிறது, ஏன் சாய்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்ததே. வெவ்வேறு பக்கம் சாயும் மூன்று நான்கு ஆதாரங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவை ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று, ஏறத்தாழ 150 பேர் வேலை செய்யும் இடம், ‘அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ்’ ஒருவரை எடுக்க விரும்புவதாகக் கொள்ளலாம். நான்கைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் வேண்டும். கீழே இந்த வேலைக்காக வரும் சம்பளத் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. இன்றைய சந்தை விலை என்று அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் பதவிப் பெயரை ஒதுக்கிவிட்டு வேலையை எழுத வேண்டும். அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ் என்ற பெயரில் ஒரு நிறுவனத்தில் ஒருவர் நாள் முழுவதும் டேலியில் பில் பதிவு செய்துகொண்டிருப்பார். பக்கத்து நிறுவனத்தில் அதே பெயரில் இருப்பவர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்து, டி.டி.எஸ். பிடித்துக் கட்டி, வங்கிக் கணக்கைச் சரிபார்த்து, டிரையல் பேலன்ஸ் வரை கொண்டுவந்து ஆடிட்டர் கையில் கொடுப்பார். இருவருக்கும் சந்தையில் ஒரே விலை இல்லை. ஆகவே எந்த வேலைகளை யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தானே முடிக்க வேண்டும், எதற்கு மேலாளரிடம் போக வேண்டும், கீழே எத்தனை பேர் என்று நான்கைந்து வரிகளில் குறித்துக்கொண்டால், பிறகு கிடைக்கும் ஒவ்வொரு தொகையையும் “இது இந்த வேலைக்கானதா?” என்று கேட்டுப் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் வேலை இரண்டாவது வகை. ஆண்டுக் கணக்கை முடிப்பது மட்டும் மேலாளர் பொறுப்பு.

அடுத்து அளவுகோல். சம்பளத்தை ஒப்பிடும்போது நடக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. ஒருவர் சி.டி.சி.யைச் சொல்வார், இன்னொருவர் பிடித்தத்துக்கு முந்தைய கிராஸ் தொகையைச் சொல்வார், மூன்றாமவர் வங்கிக் கணக்கில் வந்து விழுவதைச் சொல்வார். மூன்றும் ஒரே சம்பளமாக இருக்கலாம். ஆண்டுக்கு 3 லட்சம் சி.டி.சி. என்ற ஒரு வேலையைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். மாதத்துக்கு 25,000 ரூபாய். அதில் பாதி, அதாவது 12,500, அடிப்படைச் சம்பளம் என்று கொண்டால் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு அதில் 12 விழுக்காடு, 1,500 ரூபாய். பணிக்கொடைக்கென்று 4.81 விழுக்காடு, சுமார் 600 ரூபாய். பணிக்கொடை என்பது ஓராண்டு சேவைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் இந்த விழுக்காடு வரும். இரண்டையும் கழித்தால் கிராஸ் 22,900. ஊழியரின் பி.எஃப். பங்கு 1,500 போனால் 21,400. தொழில்வரியும் போக மீதிதான் கைக்கு வரும். இருபத்தைந்தாயிரம் என்பவரும் இருபத்தோராயிரம் என்பவரும் பக்கத்து நாற்காலிகளில் இருக்கக்கூடும்.

சிறிய தொகைகளில் இன்னொரு நெளிவும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும், நிறுவனம் 3.25 விழுக்காடும் ஊழியர் 0.75 விழுக்காடும் கட்ட வேண்டும். தீபாவளி போனஸைச் சிலர் சி.டி.சி.க்குள் அடக்கிச் சொல்கிறார்கள், சிலர் தனியாகத் தருகிறார்கள். ஆகவே ஏதாவது ஓர் அளவைத் தேர்ந்தெடுத்து எல்லாத் தொகையையும் அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே மாதக் கிராஸ் தொகை, போனஸ் சேராமல், என்று வைத்துக்கொள்வோம். சி.டி.சி.யில் ஏறத்தாழ 91.6 விழுக்காடு கிராஸ் என்று மேலே உள்ள கணக்கிலிருந்து கிடைக்கிறது. அடிப்படைச் சம்பளத்தின் பங்கு மாறினால் இதுவும் மாறும்.

இனி ஆதாரங்கள். ஊழியர்கள் தாங்களே பதிவிடும் ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்கள்தான் பலருக்கும் முதலில் கிடைப்பவை. இவற்றில் எண்ணிக்கை அதிகம். அதுவே ஏமாற்றவும் செய்கிறது. முகப்பில் தெரியும் சராசரி நாடு முழுவதற்குமானதாக, பல ஆண்டுப் பதிவுகளின் கலவையாக இருக்கும். ஊர், அனுபவம் என்று வடிகட்டிக்கொண்டே போனால் நூற்றுக்கணக்கான பதிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். நம் வேலைக்கு அப்படி வடிகட்டியபின் ஏழு பதிவுகள் மிஞ்சின என்று கொள்வோம்: ஆண்டுக்கு 2.4, 2.6, 2.9, 3.0, 3.3, 3.6, 7.2 லட்சம். இவற்றின் சராசரி 3.57 லட்சம். ஆனால் ஏழில் ஐந்து பேர் அந்தச் சராசரிக்கும் கீழே இருக்கிறார்கள். கடைசித் தொகை ஒரு சி.ஏ. படித்தவருடையதாகவோ, பதவிப் பெயரை மாற்றாமல் விட்ட மேலாளருடையதாகவோ இருக்கலாம். அது ஒன்றே சராசரியைத் தூக்கிவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 3.0 லட்சம். இந்த இடைநிலை அளவு ஓரத்தில் இருக்கும் ஒற்றைத் தொகைக்கு அசைவதில்லை. சம்பளக் கணக்கில் சராசரியை விட இடைநிலையை நம்பச் சொல்வது இதனால்தான். மேலும் கீழும் இருக்கும் ஒவ்வொரு தொகையை விட்டுவிட்டால் 2.6 முதல் 3.6 லட்சம், கிராஸ் அளவில் மாதம் 19,800 முதல் 27,500 வரை. பழைய பதிவுகள் கலந்திருப்பதால் இந்த ஆதாரம் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாயும்.

வேலை விளம்பரங்கள் வேறு வகை. இங்கே பேசுவது முதலாளி தரப்பு. “அக்கவுண்டன்ட் தேவை. டேலி, ஜி.எஸ்.டி. தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் 18,000 – 35,000” என்ற விளம்பரத்தில் மேல் எண் ஆட்களை ஈர்ப்பதற்கு, கீழ் எண் உண்மையில் பேரம் தொடங்கும் இடம். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் கிடைக்கப் போவதில்லை. ஒரே நிறுவனத்தின் காலியிடத்தை மூன்று கன்சல்டன்சிகள் மூன்று பெயரில் போட்டிருப்பதும் வழக்கம். நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டாலும் வாசகமும் பேட்டையும் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் விளம்பரமும் ஒரு சேதி சொல்கிறது: அந்தச் சம்பளத்துக்கு ஆள் வரவில்லை. எடுத்துக்காட்டில் பதினெட்டு விளம்பரங்களில் நகல்கள் போகப் பன்னிரண்டு, அதில் சம்பளம் சொன்னவை எட்டு. அவற்றின் கீழ் எண்களின் நடு 20,000. மேல் எண்களின் நடு 30,000.

வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்ட்கள் அண்மை நிலவரத்தை நன்றாக அறிந்தவர்கள். எந்தத் தொகைக்கு எந்த வாரம் யார் சேர்ந்தார், யார் மறுத்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய கட்டணம் பெரும்பாலும் சேர்பவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில் இருக்கும். ஆகவே தொகை ஏறுவதில் அவர்களுக்கு நட்டமில்லை. தவிர, அவர்கள் பார்ப்பது வேலை மாறுபவர்களை மட்டுமே. ஒரே இடத்தில் ஐந்தாண்டு உட்கார்ந்திருப்பவரின் சம்பளம் அவர்கள் கண்ணில் படாது. இரண்டு காரணங்களாலும் அவர்கள் சொல்வது மேல்நோக்கிச் சாயும். இருவரிடம் தனித்தனியே கேட்டபோது 26,000 முதல் 32,000 என்று பதில் வந்தால், அது சி.டி.சி.யா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆம் என்றால் கிராஸ் 23,800 முதல் 29,300.

நான்காவதாக, அதே வேலையில் இருக்கும் அறிமுகமானவர்கள். ஐந்து பேர் போதும், ஆனால் ஐந்து நிறுவனங்களிலிருந்து வேண்டும். சம்பளத்தை நேராகக் கேட்பது நம் ஊரில் சங்கடம்தான். “இப்படி ஒரு வேலைக்கு உங்கள் இடத்தில் புதிதாக வருபவருக்கு என்ன தருவார்கள்?” என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். 21,000, 23,000, 24,000, 26,000, 31,000 என்று பதில்கள் வந்ததாகக் கொள்வோம். இந்த ஆதாரத்தின் பலம் அதன் எண்ணிக்கையில் இல்லை. வேலையின் விவரத்தைக் கேட்டுத் தெளிய முடிவதுதான் பலம். 31,000 சொன்னவர் ஆண்டுக் கணக்கையும் முடித்துத் தருகிறார் என்று தெரிந்தால் அந்தத் தொகை ஏன் தனியே நிற்கிறது என்பதும் விளங்கிவிடும். மற்றவற்றின் நடுப்பகுதி 23,000 முதல் 26,000.

பலர் கவனிக்காத இன்னோர் ஆதாரம் பங்குச்சந்தையில் பதிவான நிறுவனங்களின் ஆண்டறிக்கை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை அவை வெளியிட வேண்டும். இயக்குநர் வாங்கியது 2 கோடி, மடங்கு 40 என்றால் அந்த நிறுவன ஊழியரின் இடைநிலை ஊதியம் 5 லட்சம். செபி விதிப்படி 2022–23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் தரும் நீடித்த வளர்ச்சி குறித்த அறிக்கையில் இடைநிலை ஊதியம் ஆண், பெண் என்று தனித்தனியாகவே இருக்கும். தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளைக் கொண்ட நிறுவனமே பொறுப்பேற்றுச் சொல்வதால் இதில் நினைவுப் பிழையோ மிகையோ புகுவது கடினம். ஆனால் ஃபோர்மேன் முதல் பொது மேலாளர் வரை எல்லாரையும் சேர்த்த தொகை என்பதால் ஒரு தனி வேலையின் விலையை இதிலிருந்து எடுக்க முடியாது. கிடைத்த வரம்பு நம்பத்தக்கதா என்று வெளியிலிருந்து சோதிக்கவே இது உதவும். கீழ்ப்பக்கம் அதே சோதனைக்கு மாநில அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு இருக்கிறது. கணக்கிட்ட வரம்பு அதைத் தொட்டால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

இத்தனை ஆதாரங்களும் உண்மையிலேயே தனித்தனியானவையா என்று பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. ஆம்பிஷன்பாக்ஸும் நௌக்ரியும் இன்ஃபோ எட்ஜ் என்ற ஒரே நிறுவனத்துடையவை. இன்டீடும் கிளாஸ்டோரும் ஜப்பானின் ரெக்ரூட் குழுமத்துடையவை. முன்னது 2012இலும் பின்னது 2018இலும் அதன் கைக்கு வந்தன. ஒரே உரிமையாளர் என்பதால் தகவல் தவறு என்று ஆகாது. ஆனால் அவற்றை இரண்டு சாட்சிகள் என்று எண்ணும் முன் ஒரு முறை யோசிக்க வேண்டும். தொழில் ஆலோசனைக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தத் தளங்களின் எண்ணையே எடுத்துப் போடுகின்றன. அந்தக் கட்டுரைகளைப் படித்த கன்சல்டன்ட் அதையே திருப்பிச் சொல்லவும் கூடும். ஐந்து இடங்களில் கேட்டோம், ஐந்திலும் ஒரே பதில் என்று மகிழ்வதற்குள், அந்த ஐந்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையா என்று கேட்டுவிட வேண்டும். நூறு ரூபாய்கூட வித்தியாசமில்லாமல் இரண்டு ஆதாரங்கள் ஒத்துப்போனால் சந்தேகப்படுவதே சரி.

தளங்களின் பெயரை எண்ணுவதை விட, தகவல் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. ஊழியர் சொன்னது, முதலாளி விளம்பரப்படுத்தியது, இடைத்தரகர் கண்டது, கணக்குப் புத்தகத்தில் பதிவானது, அரசு ஆய்வில் வந்தது என்று ஐந்து வாய்கள் உண்டு. இவற்றில் குறைந்தது மூன்று வகையாவது கையில் இருக்க வேண்டும். ஒரே வகையில் ஐந்து தளங்களை வைத்திருப்பது அதற்கு ஈடாகாது.

இப்போது நான்கு வரம்புகளையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கலாம். ஊழியர் பதிவுகள் 19,800 முதல் 27,500. விளம்பரங்கள் 20,000 முதல் 30,000. கன்சல்டன்ட்கள் 23,800 முதல் 29,300. அறிமுகமானவர்கள் 23,000 முதல் 26,000. நான்கும் ஒன்றின்மேல் ஒன்று படியும் பகுதி 23,800 முதல் 26,000 வரை. நான்கில் மூன்றாவது ஒப்புக்கொள்ளும் பகுதி 23,000 முதல் 27,500 வரை. இந்த இரண்டாவது பகுதியை நியாயமான வரம்பாகவும், முதல் பகுதியை அதன் நடுவாகவும் கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டி நான்கால் வகுப்பதை விட இது மேலானது; ஏனென்றால் விளம்பரத்தின் கவர்ச்சி எண்ணும் தளத்தின் பழைய எண்ணும் மற்றவற்றின் துணையில்லாததால் தாமாகவே வெளியே விழுந்துவிடுகின்றன. ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். இரண்டையும் தானே முடிக்கும் ஐந்தாண்டு அனுபவசாலி வரம்பின் மேல்பாதியில் இருக்க வேண்டியவர். மூன்றாண்டு அனுபவத்தோடு பாதி வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் கீழ்முனையில் தொடங்கலாம்.

வரம்புகள் படியாமல் விலகி நின்றால் என்ன செய்வது? பெரும்பாலோர் இங்கே சராசரி எடுத்துச் சமாளித்துவிடுகிறார்கள். அது தவறு. விளம்பரங்கள் 18,000த்தைச் சுற்றியும் கன்சல்டன்ட்கள் 35,000த்தைச் சுற்றியும் சொன்னால், நடுவில் 26,500 என்ற சம்பளத்தை யாருமே வாங்காமல் இருக்கலாம். அந்த விலகல் காட்டுவது ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருப்பதையே. பில் பதிபவர்கள் ஒரு குவியலாகவும் கணக்கை முடித்துத் தருபவர்கள் இன்னொரு குவியலாகவும் இருப்பார்கள். சென்னையில் இது இன்னும் கூர்மை. ஒரே நிதிப்பிரிவுப் பதவிக்குச் சிறு வணிக நிறுவனம் ஒரு விலை, பெரிய உற்பத்தி நிறுவனம் ஒரு விலை, பன்னாட்டு நிறுவனத்தின் திறன் மையம் மூன்றாவது விலை என்று மூன்று தனிச் சந்தைகளே இயங்குகின்றன. விலகல் தென்பட்டால் எண்களை விட்டுவிட்டு முதல் படிக்குத் திரும்பி, வேலை விவரத்தை வைத்து ஒவ்வொரு தொகையையும் மறுபடி பிரிக்க வேண்டும்.

காலத்தால் பழசான எண்ணைப் புதுப்பிப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஆண்டு ஊதிய உயர்வு இத்தனை விழுக்காடு என்று ஆலோசனை நிறுவனங்கள் வெளியிடும் கணிப்பை எடுத்துப் பழைய தொகையோடு பெருக்கிவிடுவது வழக்கம். அந்த விழுக்காடு ஏற்கெனவே வேலையில் இருப்பவர் பெறும் உயர்வு. அந்த நாற்காலியின் சந்தை விலை அதே வேகத்தில் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் கல்லூரி வளாகங்களில் புதியவர்களுக்குத் தந்த தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றதைத் தமிழ்நாட்டில் அறியாத வீடு குறைவு. அதே காலத்தில் அங்கே வேலையில் இருந்தவர்களுக்கு ஆண்டுதோறும் உயர்வு வந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட தொகையைப் பெருக்கிப் புதிதாக்குவதை விட, எண்ணிக்கை குறைந்தாலும் அதைக் கழித்துவிடுவது பாதுகாப்பானது.

இப்படிக் கிடைக்கும் வரம்பு சந்தை எதை வழக்கமாகத் தருகிறது என்பதைத்தான் சொல்லும். சந்தையே ஒரு சாராருக்குக் குறைத்துக் கொடுத்துவந்தால் அந்தக் குறை நான்கு ஆதாரங்களிலும் ஒரே பக்கமாகப் பதிந்திருக்கும்; எத்தனை ஒப்பிட்டாலும் அது நீங்காது. பெண்கள் அதிகமாக இருக்கும் வேலைகளில் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். அப்போது அதே நிறுவனத்தில் அதே அளவு படிப்பும் பொறுப்பும் வேண்டும் வேறொரு வேலையின் சம்பளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஒரு ஸ்டோர்ஸ் பொறுப்பாளருக்கும் கணக்காளருக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், அதற்கு வேலையில் காரணம் இருக்கிறதா என்று கேட்க முடியும்.

முடிவைக் குறித்துவைக்கும்போது தொகையை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் பயன்படாது. கிராஸா சி.டி.சி.யா, போனஸ் உள்ளே இருக்கிறதா, எந்த ஊர், எந்த மாதம் திரட்டியது, எந்த வகை ஆதாரத்தில் எத்தனை பதிவுகள் என்பவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். பல நிறுவனங்களில் ஊதிய உயர்வு ஏப்ரலை ஒட்டி நடப்பதால் அதற்கு முன் திரட்டிய வரம்பை ஜூன், ஜூலையில் மறுபடி சரிபார்ப்பது நல்லது. சம்பளம் பேசப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எவ்வளவு?” என்பதல்ல; “நீங்கள் சொல்வது சி.டி.சி.யா, கிராஸா?” என்பதை முதலில் கேளுங்கள்.